அட்வான்சும் ஒரு கட்டைவிரலும்

எங்கள் பழைய வீட்டுக்காரர் அட்வான்ஸ் கணக்கை வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பினார். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாள். அதைப் பூப்போட்ட பெட்ஷீட் மேல் வைத்து, காற்றில் பறக்காமல் இடது கையால் அமுக்கிக்கொண்டு, வலது கையால் படம் எடுத்திருக்கிறார். எனவே கணக்கோடு கூட அவருடைய கட்டைவிரலும் வந்து சேர்ந்தது. நல்ல செழிப்பான விரல். ஐந்தாவது வரியில் என்ன எழுதியிருந்தது என்பது அதற்கு மட்டுமே தெரியும். அந்த வரிக்கு நேரே 7,500 என்ற எண் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

நாங்கள் கொடுத்திருந்த அட்வான்ஸ் 40,000. தாளின் அடியில் வட்டம் போட்டு, இரண்டு கோடு இழுத்து, ‘பேலன்ஸ் 7,610’ என்றிருந்தது.

நான் குப்பத்தில் ஒரு கிரானைட் பாக்டரியில் கணக்கு எழுதுகிறேன். கல்லின் நீள அகலத்தில் அரை அங்குலம் கூடக் குறைய இருந்தால் கண்டுபிடிப்பேன். லாரிக்காரர்கள் என்னிடம் பில் நீட்டும்போது சற்றுத் தள்ளி நின்றுதான் நீட்டுவார்கள். அப்படிப்பட்ட நான் இந்தத் தாளைப் பார்த்ததும் செய்த முதல் காரியம், இரண்டு கை கூப்பும் பொம்மைகளையும் ‘சரிங்கண்ணா’ என்ற சொல்லையும் அனுப்பியதுதான். அடுத்தவன் பணம் என்றால் வருகிற வீரம் சொந்தப் பணத்துக்கு வருவதில்லை. நல்ல வேளையாக டவர் இல்லை. அந்த ‘சரிங்கண்ணா’ கடிகாரக் குறியோடு திரையிலேயே நின்றிருந்தது. என் மனைவி போனைப் பிடுங்கி அதை அழித்தாள்.

“இன்னாத்துக்கு சரி? மொதல்ல என்ன எழுதியிருக்குதுன்னு படிங்க” என்றாள்.

படிப்பதில்தான் சிக்கல். எங்கள் வீட்டில் பேச்சு தமிழ். வீட்டுக்காரருக்கும் தமிழ் நன்றாக வரும். கோபம் வந்தால் இன்னும் நன்றாக வரும். ஆனால் எழுத்து என்றால் அவருக்குத் தெலுங்குதான். நானோ பஸ் போர்டு அளவுக்குத் தெலுங்கு படிப்பேன். பஸ் நின்றால் முழுதாகப் படிப்பேன். ஆகவே ஐந்தாம் வகுப்பு படிக்கும் பையனைக் கூப்பிட்டோம். அவன் பாடம் ஒப்பிக்கிற குரலில் ஓங்கி வாசித்தான். பெயின்ட் 18,000. பட்டி, ஆணி ஓட்டை 2,500. கரண்ட் 1,240. நாலாவது வரி வந்ததும் குரல் கம்மிப்போய், ஏதோ முனகினான். அது ஜன்னல் கண்ணாடி 650. பந்து அவனுடையது. பிறகு விரல் 7,500. கடைசியாக க்ளீனிங் 1,500. ஆக மொத்தம் 32,390.

மனைவி காலண்டரின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்தாள். 31,390 வந்தது. பையனைக் கூட்டச் சொன்னோம். அவனுக்கும் 31,390. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தொழில்முறைக் கணக்கனான நான் அதுவரை கூட்டிப் பார்க்கவே இல்லை. அவர் கணக்கை அப்படியே ஒப்புக்கொண்டாலும் 1,000 ரூபாய் எங்களுக்கு வர வேண்டும். ஆயிரம் ரூபாய் எங்கோ ஒரு கூட்டலில் கைமாற்றாகப் போயிருக்கிறது. இதில் சூது எதுவும் இல்லை. அவர் எப்போதுமே வாயால் கூட்டி விரலால் எழுதுகிறவர். ஆனால் இப்படிப்பட்ட தவறு ஒரு முறைகூட குடியிருப்பவன் பக்கம் சாய்ந்து நான் பார்த்ததில்லை.

விரலுக்குக் கீழே என்ன என்று தெரியாமல் ஊகத்தில் சண்டை போடக் கூடாது என்பது மனைவியின் கட்சி. நானோ அதற்குள் அது ‘மோட்டார் ரிப்பேர்’ என்று முடிவு கட்டி, மோட்டார் எப்போதெல்லாம் கெட்டது, யார் சரிசெய்தது என்று மனதுக்குள் ஒரு வழக்கையே நடத்தி முடித்திருந்தேன். கடைசியில், “அண்ணா, படம் மங்கலா இருக்குது, அஞ்சாவது லைன் தெரியல, கொஞ்சம் டாக்குமென்டா அனுப்புறீங்களா?” என்று கேட்டோம். வாட்ஸப்பில் சாதாரணமாகப் போட்டோ அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடுகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் 1 எது, 7 எது என்று தெரியாது. டாக்குமென்டாக அனுப்பினால் எடுத்தது எடுத்தபடி வரும். முதலில் வந்த படத்தையும் கேலரியில் சேமித்துக்கொண்டோம். அனுப்பியவர் மனம் மாறி ‘எல்லோருக்கும் அழி’ என்று ஒரு தட்டுத் தட்டினால், பிறகு நாம் மறுப்பதற்குக் கணக்கே இருக்காது.

விரல் இல்லாத படம் மறுநாள் வந்தது. அந்த வரி: ‘நோட்டீசு இவ்வலேது, ஒக நெல பாடிகா.’ நான் முன்கூட்டிச் சொல்லாமல் காலி செய்துவிட்டேனாம், அதற்கு ஒரு மாத வாடகை. மோட்டார் பற்றி நான் சேர்த்துவைத்திருந்த வாதம் அனைத்தும் வீண்.

இனி பதில் எழுத வேண்டும். நேரிலேயே போய்ப் பேசலாமே என்று கேட்பீர்கள். நேரில் போனால் அந்த வீட்டு அம்மா காபி கொடுப்பார்கள். காபி உள்ளே போனபின் 18,000 என்ன, 28,000 கூட நியாயமாகத்தான் தெரியும் எனக்கு. இதுவரை அப்படி நான் காபி குடித்தே வாடகை இரண்டு முறை ஏறி, 6,500-லிருந்து 7,500-க்கு வந்திருக்கிறது. எழுத்தில் காபி இல்லை. மேலும் போட்டோவில் கேட்ட கணக்குக்குப் போனில் பதில் சொன்னால், கேள்வி பதிவாகவும் பதில் காற்றாகவும் போய்விடும். அந்தப் படத்தையே அழுத்திப் பிடித்து ‘ரிப்ளை’ கொடுத்து எழுதினால், எந்தக் கணக்குக்கு எந்தப் பதில் என்பது பிரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நான் எழுதிய முதல் வரைவு, தன்னடக்கத்தோடு சொல்கிறேன், அற்புதமாக இருந்தது. “நான்கு ஆண்டுகளாகத் தங்கள் நிழலில் வாழ்ந்த எங்களுக்கு” என்று தொடங்கி, பாத்ரூம் சுவரில் கசிந்த நீரை ஒழுகிய நாள் முதலாக வரிசைப்படுத்தி, மாடியில் அவர் வளர்த்த நாய் எங்கள் துணிகளுக்குச் செய்ததை நாகரிகமாகக் குறிப்பிட்டு, தண்ணீர் லாரிக்கு நான் கொடுத்த பணத்தைப் பெருந்தன்மையோடு மன்னித்து, இறுதியில் சட்டத்துக்கு வந்தது. சட்டம் என்றால் சாதாரணச் சட்டம் இல்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 108-வது பிரிவில், குடியிருப்பவர் வீட்டை வாங்கிய நிலையிலேயே திருப்பித் தர வேண்டும், ஆனால் நியாயமான தேய்மானத்துக்கு அவர் பொறுப்பில்லை என்று இருக்கிறது. நாலு வருஷம் ஆள் புழங்கினால் சுவர் அழுக்காகத்தான் செய்யும்; பெயின்ட் வெளுப்பது சுவரின் இயல்பு; அதற்கு 18,000 கேட்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே செல்லாது என்று ஒரு பத்தி எழுதி, அதை மட்டும் வாய்விட்டு வாசித்துக் காட்டினேன்.

மனைவி எழுந்து போனாள். பீரோவிலிருந்து அக்ரிமென்டை எடுத்துவந்து என் முன்னால் போட்டாள்.

நூறு ரூபாய்ப் பத்திரத்தில் தெலுங்கில் எழுதின அக்ரிமென்ட். பதினோரு மாதத்துக்குத்தான் போட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் போனால் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால், நாடு முழுக்க எல்லா வீடுகளும் பதினோரு மாதத்துக்கே வாடகைக்குப் போகின்றன. பையன் மறுபடி வாசித்தான். ஏழாவது நிபந்தனை: காலி செய்யும்போது பெயின்டிங்குக்காக அப்போதைய வாடகையில் ஒரு மாதத் தொகையைப் பிடித்துக்கொள்ளலாம். கீழே என் கையெழுத்து. கல்யாணப் பத்திரிகையில் போடுவது போல வளைத்து நெளித்துப் போட்டிருந்தேன்.

என் 1882-ஆம் ஆண்டுப் பத்தி அந்த இடத்திலேயே உயிரை விட்டது. காரணம், அந்த 108-வது பிரிவே ‘இதற்கு மாறான ஒப்பந்தமோ உள்ளூர் வழக்கமோ இல்லாதபோது’ என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறது. நான் அந்த முதல் வரியைத் தாண்டிக் குதித்து, எனக்கு வேண்டிய வரியில் இறங்கியிருந்தேன். ஒப்பந்தம் இருக்கிறது; அதில் பெயின்டுக்கு ஒரு மாத வாடகை என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன்; தேய்மானத்தைச் சொல்லி அதை மறுக்க முடியாது.

ஆனால் அதே வரி வீட்டுக்காரரையும் கட்டிப்போடுகிறது. இதை நான் கண்டுபிடித்ததாகத்தான் வெளியே சொல்லிவருகிறேன். ஒரு மாத வாடகை என்று எழுதின பிறகு 7,500 தான்; பெயின்டர் 18,000 வாங்கினாலும், வீட்டுக்காரர் சுவருக்குப் பட்டுச்சேலை உடுத்தினாலும், அதற்கு மேல் எங்களிடம் கேட்க முடியாது. பட்டியும் ஆணி ஓட்டையும் தனியாக 2,500 என்று போட்டிருந்தாரே, அதுவும் இதற்குள்தான் அடக்கம். ஓட்டையை அடைத்து, பட்டி பார்த்து, தேய்த்து, அதற்குப் பிறகுதான் எந்தப் பெயின்டரும் பிரஷ்ஷை எடுக்கிறான். பட்டி வைக்காத பெயின்டிங் எங்கள் ஊரில் கிடையாது. க்ளீனிங் 1,500-ம் பெயின்டர் சிந்தினதைத் துடைத்த செலவுதான். நாங்கள் சாவி கொடுத்த நாளில் என் மனைவி பினாயில் போட்டுத் துடைத்த தரையில் நானே வழுக்கி விழுந்திருக்கிறேன். வீடு சுத்தமாக இருந்ததற்கு என் முழங்கால் சாட்சி. அதை விட நல்ல சாட்சியாக, அன்று ஒவ்வொரு அறையையும் சுற்றி எடுத்த வீடியோ இருந்தது. எடுத்தது அவள். நான் அதில் விழுகிற ஆளாக மட்டும் வருகிறேன்.

இதற்குள் விஷயம் சொந்தக்காரர்களுக்குப் பரவிவிட்டது. குப்பம் ஆந்திராவின் மூலையில் இருக்கிறது. ஒரு பக்கம் ரயில் ஏறினால் ஜோலார்பேட்டை, மறுபக்கம் ஏறினால் பெங்களூர். ஆகவே எந்தப் பிரச்சினைக்கும் மூன்று மாநிலத்து ஆலோசனை ஓசியில் கிடைக்கும். வாணியம்பாடி மச்சான் கொதித்தெழுந்து, தமிழ்நாட்டில் 2017-ல் போட்டு 2019-ல் அமலுக்கு வந்த சட்டத்தின்படி வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் வேலை, காலி செய்து ஒரு மாதத்துக்குள் அட்வான்சைத் திருப்ப வேண்டும் என்று நம்பர் நம்பராகச் சொன்னான். சொன்னதெல்லாம் சரி. வீடுதான் எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தது. பெங்களூர் சித்தப்பா, “பெயின்டுக்கு ஒரு மாசம் பிடிக்கிறது சகஜம்ப்பா, இங்க பத்து மாச அட்வான்ஸ் கொடுத்துட்டு நாங்க பேசாம இருக்கல?” என்று ஆறுதல் போலச் சொன்னார். பாக்டரியில் மேனேஜர், டெல்லியில் 2021-ல் மாதிரி வாடகைச் சட்டம் ஒன்று வந்திருக்கிறது, இரண்டு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கவே கூடாது என்றார். அது பெயரிலேயே மாதிரி. ஒரு மாநிலம் அதைத் தன் சட்டமாக எடுத்துக்கொண்டால்தான் உயிர் வரும். இத்தனை பேரும் சேர்ந்து உசுப்பியதில் எனக்கு வீரம் வந்து, வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிடலாமா என்று கேட்டேன். பணம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போக மூன்று வருஷம் அவகாசம் இருக்கிறது. அதற்கு முன்னால் சட்டப் பணிக் குழுவில் செலவில்லாமல் மனு கொடுத்து லோக் அதாலத்தில் பேசித் தீர்க்கவும் வழியிருக்கிறது. முதல் மெசேஜிலேயே கோர்ட்டை இழுத்தால், வீட்டுக்காரர் கணக்கை விட்டுவிட்டு மானத்துக்குப் பதில் சொல்லத் தொடங்குவார் என்றாள் மனைவி. ஆகவே வீரத்தை மடித்து வைத்தேன்.

கரண்ட் பில்லில் மட்டும் என் தொழில் கொஞ்சம் உதவியது. எங்கள் பக்கத்தில் கரண்டுக்குத் தனிக் கூட்டுறவுச் சங்கமே இருந்ததால், பழைய ஆட்கள் இன்னும் ‘ரெஸ்கோ பில்’ என்றுதான் சொல்வார்கள். மாதம் பத்தாம் தேதி வாக்கில் ரீடிங் எடுப்பார்கள். மார்ச் 10-ஆம் தேதி பில்லை நாங்கள் கட்டிவிட்டோம். அதில் ரீடிங் 6,412. மார்ச் 31 அன்று சாவி கொடுக்கும் முன் மனைவி மீட்டரைப் படம் எடுத்திருந்தாள், 6,490. ஆக நாங்கள் எரித்தது 78 யூனிட். வீட்டுக்காரர் பிடித்திருந்த 1,240, ஏப்ரல் 10-ல் வந்த முழு பில். அதில் 208 யூனிட். மீதி 130 யூனிட்டை யார் எரித்தது? ஏப்ரல் முதல் வாரத்தில் அவர் சமையல் மேடைக்குக் கிரானைட் போட்டார். கல்லை அறுத்துப் பாலிஷ் போட்டது அந்த வீட்டு கரண்டில். கல் ‘குப்பம் கிரீன்’. போனது எங்கள் பாக்டரியிலிருந்து. பில் போட்டது நான். உலகத்தில் எந்தக் குடித்தனக்காரனுக்கும் இவ்வளவு நல்ல சாட்சி கிடைத்திருக்காது.

78-ஐ 208-ஆல் வகுத்து 1,240-ஆல் பெருக்கினால் 465. உண்மையில் எங்கள் பங்கு இன்னும் குறைவாகத்தான் வரும். கரண்டில் முதல் யூனிட்டுகள் மலிவு, ஏற ஏற விலை கூடும். விலை ஏறிய யூனிட்டெல்லாம் கல்லறுத்த கணக்கு. அந்த வாதத்தையும் எழுதி இரண்டு பக்கத்துக்கு அட்டவணை போட்டேன். “465-னே போடுங்க. அவருக்கும் புரியணும்ல” என்று அவள் அட்டவணையை எடுத்துவிட்டாள். அந்த அட்டவணை இன்னும் என்னிடம் இருக்கிறது. யாராவது கேட்டால் காட்டுவேன். யாரும் கேட்பதில்லை.

அடுத்து நோட்டீஸ். இதில் என் நிலைமை அவ்வளவு கம்பீரமாக இல்லை. அக்ரிமென்ட்படி யார் பிரிந்தாலும் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும். பதினோரு மாதம் முடிந்து அக்ரிமென்டைப் புதுப்பிக்கவில்லை. ஆனாலும் நாங்கள் இருந்தோம், அவர் வாடகை வாங்கினார், ஆகவே பழைய நிபந்தனையிலேயே மாதத்துக்கு மாதம் ஓடியதாகத்தான் அர்த்தம். நான் மார்ச் 2-ஆம் தேதி சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்பதுதான் பிரச்சினை. நேராகச் சொல்லக் கூச்சப்பட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். அதில் முதலில் வெயிலைப் பற்றிப் பேசி, அவர் அம்மாவின் மூட்டுவலியை விசாரித்து, போர்வெல் தண்ணீர் உப்புக் கரிப்பதைத் தொட்டு, மூன்று நிமிஷம் ஆன பிறகு, “அப்புறம்ணா, இந்த மாசக் கடைசியில நாங்க காலி பண்ணிக்கலாம்னு இருக்கோம்” என்று இருமலுக்கு நடுவே சொல்லியிருந்தேன். வீட்டுக்காரர் உப்புத்தண்ணீர் வரைக்கும் கேட்டுவிட்டு, ‘டேங்க் கிளீன் பண்றேன் சாரூ’ என்று பதில் போட்டிருந்தார். டேங்கும் கிளீன் ஆனது. ஆனாலும் மைக் படம் நீலமாகியிருந்தது. கேட்டதாக அதற்குப் பொருள். மார்ச் 20 வாக்கில் வாடகைக்கு ஆள் கூட்டிவந்து வீட்டைக் காட்டியிருக்கிறார். போகிறோம் என்று தெரியாமலா காட்டினார்?

மார்ச் 2-ல் சொன்னால் ஒரு மாதம் ஏப்ரல் 2-ல் முடியும். நாங்கள் 31-ஆம் தேதி சாயங்காலம் போய்விட்டோம். குறைவது இரண்டு நாள். நாளுக்கு 250 வீதம் 500 ரூபாய். மாதம் முழுவதற்கும் 7,500 கேட்பதற்கு நியாயமில்லை. ஒன்றுமே தர மாட்டேன் என்பதற்கும் நியாயமில்லை. ஜன்னல் கண்ணாடி 650-ஐ முழுதாக ஒப்புக்கொண்டோம். உடைத்தது நாங்கள், கண்ணாடி தேய்ந்து உடைவதில்லை. நாமாக ஒன்றை ஒப்புக்கொண்டால்தான் மற்றதை மறுப்பது பிடிவாதமாகத் தெரியாது. பையன் மட்டும் பந்து ‘இயற்கையாக’ப் போனது என்று கடைசி வரை வாதாடினான். என் மகன்தான்.

கடைசியில், என்னுடைய நான்கு ஆண்டு நிழல், பாத்ரூம் கசிவு, நாய், லாரி, 1882 எல்லாம் போய், இவ்வளவு மிஞ்சியது:

“அண்ணா, வணக்கம். நீங்க அனுப்புன கணக்கைப் பாத்தோம். வரி வரியா எங்க பக்கத்தைச் சொல்றோம். 1. பெயின்ட்: அக்ரிமென்ட் 7-ஆவது நிபந்தனைப்படி ஒரு மாச வாடகை 7,500 பிடிச்சிக்கலாம். 18,000-க்கு நாங்க ஒத்துக்கல. 2. பட்டி, ஆணி ஓட்டை: அது பெயின்ட் வேலைக்குள்ளயே வருது, தனியா வேணாம். 3. கரண்ட்: 31-ஆம் தேதி ரீடிங் 6,490, படம் கீழ இருக்குது. எங்க யூனிட் 78, எங்க பங்கு 465. 4. கண்ணாடி 650 எங்களுது, சரி. 5. நோட்டீஸ்: மார்ச் 2-ஆம் தேதி வாய்ஸ் மெசேஜ்ல சொல்லியிருக்கோம், ரெண்டு நாள் குறையுது, 500 எடுத்துக்குங்க. 6. க்ளீனிங்: சாவி கொடுத்த அன்னிக்கு வீடியோ இருக்குது, பாருங்க. மொத்தம் 9,115. மிச்சம் 30,885 வரணும். உங்க தாள்லயும் கூட்டல்ல 1,000 கூடியிருக்குது, ஒருதரம் பாத்துக்குங்க. எதாவது பில் இருந்தா படம் அனுப்புங்க, பாக்குறோம். 10-ஆம் தேதிக்குள்ள அனுப்பினா நல்லா இருக்கும். அம்மாவை விசாரிச்சதா சொல்லுங்க.”

அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் என்னுடையது. மிச்சத்துக்கெல்லாம் தட்டச்சு செய்த பெருமைதான் எனக்கு.

அனுப்பிவிட்டு நான் போனைக் குக்கருக்குப் பின்னால் வைத்துவிட்டேன். மணி அடித்தபோதெல்லாம் வயிறு கலங்கியது. பெரும்பாலும் அது பள்ளிக்கூட குரூப். இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்காரரின் பதில் வந்தது. எழுத்தில் இல்லை, வாய்ஸ் மெசேஜ். நான்கு நிமிஷத்துக்கு மேல். பழிக்குப் பழி என்று நினைத்துக்கொண்டேன். முதல் நிமிஷம் கங்கம்மா ஜாத்திரை ஏற்பாடு. இரண்டாவது நிமிஷம் சிமென்ட் விலை. பிறகு இருமல். இருமலுக்குப் பின்னால் விஷயம்:

“கணக்கு சரிதான் சாரூ, அக்ரிமென்டு இருக்குறதை நான் மறந்தே போயிட்டேன். ஆனா உங்க பையன் ஹால் செவுத்துல கிரேயான்ல ரயிலு போட்டிருக்கான் பாரு, அதுக்கு மேல பெயின்டு நிக்கமாட்டேங்குது, ரெண்டு தரம் ப்ரைமர் அடிச்சேன். அதுக்கு என்ன சொல்றீங்க?”

இது நியாயம். மெழுகின் மேல் பெயின்ட் பிடிக்காது. வீட்டோடு தேய்ந்த சுவர் வேறு, பெங்களூர் வண்டி ஓடிய சுவர் வேறு. சாதாரண பெயின்டிங்கின் கணக்கில் அந்த ரயிலை ஏற்ற முடியாது என்று எனக்கே தோன்றியது. மனைவியும் முதல் தடவையாகப் பேசாமல் இருந்தாள். நான் இந்தத் தைரியமான தருணத்தைப் பயன்படுத்தி, அவரைக் கேட்டேன்: ரயிலுக்கு எவ்வளவு போடலாம்?

“30,885-ல அந்த 885-ஐ விட்டுருங்க. 30,000 கொடுத்துர்றேன்” என்றார்.

பையனுக்கு ஏமாற்றம். எஞ்சினும் மூன்று பெட்டியும் சேர்த்து வெறும் 885 தானா என்றான்.

ஆனால் பணம் உடனே வரவில்லை. 20,000 போன்பேயில் வந்தது. மீதி 10,000-க்கு ஜாத்திரை முடியட்டும் என்றார். அப்போதுதான் இந்தக் கணக்கின் மூல ரகசியம் வெளிவந்தது. எங்கள் அட்வான்ஸ் 40,000 எங்கேயும் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கவில்லை. அது நாங்கள் குடிவந்த வருஷமே மாடிப்படிக்குக் கைப்பிடியாகிவிட்டது. காலி செய்கிறவனுக்குக் கொடுக்கும் பணம், வருகிறவன் கொடுக்கும் பணம்தான். வருகிறவன் வரும் வரைக்கும் பெயின்ட், பட்டி, க்ளீனிங் என்று தாளை நீட்டிக்கொண்டிருப்பதைத் தவிர அவருக்கும் வழியில்லை. புதுக் குடித்தனக்காரர் பாதி அட்வான்ஸ் கொடுத்தார், எனக்கு 20,000 வந்தது. அவர் மீதியைக் கொடுத்தால் என்னுடைய 10,000 வரும்.

அந்தப் புதுக் குடித்தனக்காரர் போன வாரம் எனக்கே போன் செய்தார். பாவம், ராமகுப்பம் பக்கத்திலிருந்து வருகிறவர், நல்ல பவ்யமான குரல். மீதி அட்வான்சைக் கொடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று கூப்பிட்டாராம்.

“ஓனர் எப்படிங்க? கணக்கு வழக்கெல்லாம் சரியா இருப்பாரா?”

நான் சற்றும் யோசிக்கவில்லை. “தங்கமான மனுஷங்க” என்றேன். “கண்ணை மூடிக்கிட்டு அட்வான்சைக் கொடுங்க. முடிஞ்சா இன்னிக்கே கொடுங்க.”

பக்கத்திலிருந்த மனைவி போனை வாங்கி, “உள்ள போறன்னிக்கே மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வெச்சிக்குங்க அண்ணா” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.